ரவி அனுப்பிய இரண்டாயிரம் யார் கணக்கில் சேரும்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் நானும் குமாரும் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். ஜூலை 1 அன்று ரவி எங்களுடன் வந்து சேர்ந்தார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஜூலைக் கணக்குக்காகப் போட்ட செய்திகள் இவை:

குமார்: வாடகை 12,000 ஓனருக்குக் கொடுத்தாச்சு.
ரவி: அரிசி மூட்டை 1,500. மத்த மளிகை 1,260.
குமார்: கேஸ் 900.
நான்: மீன் 450. எனக்கும் ரவிக்கும்தான்.
ரவி: 2,000 போட்டுட்டேன்.
நான்: குமார், 3,000 அனுப்பியிருக்கேன்.
ரவி: மளிகை 2,760 ஆச்சு, எழுதிக்கோங்க.
நான்: கரண்ட் பில் 2,142 கட்டிட்டேன். ஜூன், ஜூலை சேர்த்து.

ரவி அந்த 2,000 ரூபாயை என் கணக்குக்குத்தான் அனுப்பினார். குமார் எல்லாவற்றையும் மூன்றால் வகுத்து, நான் 492 ரூபாயும் ரவி 3,324 ரூபாயும் தர வேண்டும் என்கிறார். ரவி ஒப்புக்கொள்ளவில்லை. யார் சொல்வது சரி?
— பெயர் வெளியிட வேண்டாம், கடலூர்

பதில்: ரவி மறுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவருக்கும் குமாருக்கும் இடையே பெரிய வழக்கு எதுவும் இல்லை. குமாரின் கணக்கில் திருத்த வேண்டிய தொகையில் பெரும்பகுதி உங்களுக்கும் ரவிக்கும் இடையில் இருக்கிறது. அது ஏன் கண்ணில் படவில்லை என்றால், குழுவில் வந்த செய்திகளை வகை பிரித்துப் பார்க்காமல் கணக்கிட்டதால்தான்.

ஒவ்வொரு செய்தியையும் படிக்கும்போது, அந்தப் பணம் வீட்டை விட்டு வெளியே போனதா, அல்லது உங்கள் மூவருக்குள்ளேயே கை மாறியதா என்று கேளுங்கள். வீட்டு உரிமையாளருக்கும் கடைக்கும் மின்வாரியத்துக்கும் போனவை மட்டுமே செலவு. ரவியின் 2,000 ரூபாயும் உங்கள் 3,000 ரூபாயும் செலவு அல்ல, அவை கைமாற்று. அவற்றை முதல் கூட்டலில் சேர்க்காமல் தனியே எழுதி வையுங்கள். ரவி கடைசியாக எழுதிய 2,760 என்பதும் புதிய செலவு அல்ல, முன்பு சொன்ன 1,500, 1,260 ஆகிய இரண்டின் கூட்டுத்தொகைதான். குமார் இதைச் சரியாகக் கவனித்திருக்கிறார். அதை மீண்டும் சேர்த்திருந்தால் ரவிக்கு 1,840 ரூபாய் தவறாகச் சாதகமாகியிருக்கும். இத்தகைய இரட்டைப் பதிவுதான் குழுக் கணக்குகளில் அடிக்கடி நேரும் பிழை. ஒரே நபர் எழுதிய சிறு தொகைகள் அவரே பிறகு எழுதிய பெரிய தொகைக்குச் சமமாகின்றனவா என்று கூட்டிப் பார்த்தால் இது பிடிபட்டுவிடும்.

அடுத்து, எந்தச் செலவு யாருக்கு உரியது என்று பார்க்க வேண்டும். வாடகையில் சிக்கல் இல்லை; தலைக்கு 4,000. மளிகையும் கேஸும் சேர்ந்து 3,660, தலைக்கு 1,220. மீன் இருவருக்கு மட்டும் என்று வாங்கிய அன்றே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு அப்போது யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஆகவே உங்களுக்கும் ரவிக்கும் 225 வீதம், குமாருக்கு ஒன்றுமில்லை.

மின் கட்டணம்தான் நிதானமாகப் பார்க்க வேண்டியது. தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவெடுத்துக் கட்டணம் போடுகிறார்கள். ஜூன் மாதத்தில் ரவி அந்த வீட்டிலேயே இல்லை. அதற்காக பில்லைச் சரிபாதியாக்கி, ஒரு பாதியை இருவருக்கும் மறு பாதியை மூவருக்கும் பிரிப்பதும் எனக்குச் சரியாகத் தோன்றவில்லை, ஏனெனில் மூவர் இருந்த மாதத்தில் மின்சாரம் கூடுதலாகச் செலவாகியிருக்கும். ஒருவர் ஒரு நாள் தங்கியதை ஓர் ஆள்நாள் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள். ஜூனில் 30 நாளுக்கு இருவர், 60 ஆள்நாள், ஜூலையில் 31 நாளுக்கு மூவர், 93 ஆள்நாள், ஆக 153. கட்டணம் 2,142 ரூபாயை 153ஆல் வகுத்தால் ஓர் ஆள்நாளுக்கு 14 ரூபாய் வருகிறது. உங்களுக்கும் குமாருக்கும் 61 நாளுக்கு 854 வீதம், ரவிக்கு 31 நாளுக்கு 434. குமாரின் கணக்கில் ரவியின் தலையில் 714 ரூபாய் விழுந்திருந்தது.

ரவி வந்த அன்று மீட்டரைப் படம் எடுத்திருந்தால் இன்னும் துல்லியமாகச் செய்திருக்கலாம். அப்போதும் ஜூனுக்கும் ஜூலைக்கும் தனித்தனியே கட்டண விகிதத்தைப் போட்டுப் பார்க்கக் கூடாது. முதல் 100 யூனிட் இலவசம் என்பதும், யூனிட் கூடக்கூட விகிதம் ஏறும் என்பதும் இரண்டு மாத மொத்தத்துக்கு உரியவை; எந்த மாதத்து யூனிட் இலவசம், எது விலையுயர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மொத்தக் கட்டணத்தை இரு மாத யூனிட்டுகளின் விகிதத்தில் பிரிப்பதே முறை. பில்லில் உள்ள இரண்டு அளவெடுப்புத் தேதிகளையும் ஒருமுறை பாருங்கள். அவை ஜூன் 1, ஆகஸ்டு 1 ஆகிய தேதிகளிலிருந்து விலகியிருந்தால், அந்தத் தேதிகளுக்கு இடைப்பட்ட நாள்களையே எண்ணிக்கொள்ள வேண்டும்.

இப்போது பங்குகளைக் கூட்டினால் உங்களுக்கு 6,299, குமாருக்கு 6,074, ரவிக்கு 5,879. வெளியே செலுத்தியவை: நீங்கள் 2,592, குமார் 12,900, ரவி 2,760. இரண்டு வரிசையையும் தனித்தனியே கூட்டினால் 18,252 என்றே வருகிறது. இப்படி ஒத்துவராவிட்டால் ஏதோ ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது அல்லது இரண்டு முறை ஏறியிருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்கும்வரை மேலே போக வேண்டாம். பங்கிலிருந்து செலுத்தியதைக் கழித்தால் நீங்கள் 3,707 ரூபாயும் ரவி 3,119 ரூபாயும் தர வேண்டும், குமாருக்கு 6,826 வர வேண்டும்.

கைமாற்றுகளை இந்தக் கட்டத்தில்தான் சேர்க்க வேண்டும். ரவி உங்களுக்கு அனுப்பிய 2,000 அவருடைய கடனைக் குறைத்து உங்கள் கடனைக் கூட்டுகிறது. ஆகவே அவர் தர வேண்டியது 1,119 ஆகிறது, நீங்கள் தர வேண்டியது 5,707 ஆகிறது. நீங்கள் குமாருக்கு அனுப்பிய 3,000 ரூபாயைக் கழித்தால் உங்களுக்கு மீதி 2,707. அந்த 3,000 ரூபாய்க்குள் ரவியின் பணமும் அடங்கியிருந்ததா என்று நீங்கள் குழம்ப வேண்டியதில்லை. எப்படி நினைத்தாலும் இந்த விடைதான் வரும். குமாருக்கு வர வேண்டியது 3,826. அவர் தாமே கணக்கிட்டபோது இருவரிடமிருந்தும் சேர்த்து 3,816 எதிர்பார்த்தார். பத்து ரூபாய்தான் வித்தியாசம். அவருடைய மொத்தம் ஏறக்குறைய சரியாக இருந்ததால்தான், அதை உங்கள் இருவருக்குள் பிரித்த விதம் தவறு என்பது அவருக்குத் தெரியவில்லை. உங்கள் கைக்கு வந்த 2,000 அவர் பார்வைக்கே போகவில்லை. 'போட்டுட்டேன்' என்ற செய்தியில் யாருக்கு என்பது இல்லை.

குழுவில் விடையை மட்டும் போட்டால் ரவிக்கு நிம்மதியும் குமாருக்குச் சந்தேகமும் வரும். அதனால் மூவரின் பங்கு, செலுத்தியது, கைமாற்று ஆகியவற்றை ஒரே செய்தியில் எழுதி, ரவியின் 2,000 உங்களிடம் வந்ததை நீங்களே அதில் தெரிவியுங்கள்; அதை உறுதியாகச் சொல்லக்கூடியவர் நீங்கள்தான். இருவரும் சரி என்று பதில் போட்ட பிறகு, நீங்கள் 2,707 ரூபாயையும் ரவி 1,119 ரூபாயையும் நேராகக் குமாருக்கு அனுப்பிவிடுங்கள். ஆகஸ்டு முதல் பணம் அனுப்புகிறவர் 'ரவி, உனக்கு 500' என்று பெறுகிறவர் பெயரோடு எழுதட்டும். பெற்றவரும் 'வந்தது' என்று அதற்குக் கீழேயே பதில் போடட்டும்.