பெரியம்மாவுக்கும் புரியணும், கல்லூரிப் பெண்ணுக்கும் பிடிக்கணும்

வணக்கம் சார்,

மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடி, காட்டன் சேலைகள் விற்கிறேன். இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, அதையே வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுவேன். போன வாரம் போட்டது இது: “கைஸ், நியூ டிராப் வந்தாச்சு! பேஸ்டல் வைப்ஸ் ஒன்லி. பல்லு ஃபுல்லா டாட்ஸ், சம்மருக்கு செம லுக். சிஓடி அவைலபிள். 850 + ஷிப். டிஎம் பண்ணுங்க.” கல்லூரிப் பெண்கள் ஹார்ட் போட்டார்கள். ஆனால் பழைய வாடிக்கையாளர்களான அத்தை, பெரியம்மா வயதுக்காரர்கள் “என்னம்மா எழுதியிருக்க, ஒண்ணும் புரியல” என்று வாய்ஸ் அனுப்புகிறார்கள். நல்ல தமிழில் எழுதினால் பேங்க் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று தங்கை சிரிக்கிறாள். எப்படி எழுதுவது?

— ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பெரியம்மாக்களை இங்கிலீஷ் தடுக்கவில்லை. ப்ளவுஸ், கலர், ரேட், கூரியர், ஸ்டாக், டிசைன் எல்லாம் அவர்கள் ஜவுளிக்கடையில் நாற்பது வருஷமாகப் பேசுகிற சொற்கள்தான். நீங்கள் ‘இரவிக்கை’ என்று எழுதினால்தான் அவர்களே சிரிப்பார்கள். அவர்கள் தடுக்கி விழுந்த இடங்கள் வேறு: டிராப், பேஸ்டல், சிஓடி, ஷிப், டிஎம். இவை கடையில் பேசுகிற சொற்கள் இல்லை, போன் திரை வழியாக வந்தவை. ‘பல்லு’ இன்னும் மோசம். முந்தியை வட இந்தியப் பெயரில் தமிழ் எழுத்தில் எழுதினால், படிப்பவருக்குக் கடைவாய்ப் பல்தான் ஞாபகம் வரும்.

நான் பார்க்கும் கணக்கு இதுதான். கேப்ஷனில் சில சொற்கள் அலங்காரம், சில சொற்கள் தகவல். ‘செம லுக்’ புரியாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. புரிந்தவர் ரசிப்பார், மற்றவர் தாண்டிப் போவார். ஆனால் என்ன பொருள், என்ன விலை, எப்படி வாங்குவது, எப்படித் துவைப்பது என்கிற நான்கும் எல்லாருக்கும் ஒரே வாசிப்பில் போய்ச் சேர வேண்டும். உங்கள் கேப்ஷனில் அலங்காரம் இளசுகளுக்கு ஏற்ற மாதிரி இருக்கிறது, சரி. தகவலையும் அதே பாஷையில் போட்டதுதான் சிக்கல். ‘850 + ஷிப்’ என்பதைப் பாருங்கள். மொத்தம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அதில் இருபது வயசுக்காரிக்கும் தெரியாது. அவள் டிஎம்மில் கேட்டுக்கொள்வாள். பெரியம்மா கேட்காமல் விட்டுவிடுவார்.

இன்ஸ்டாகிராமில் முதல் ஒன்றிரண்டு வரிதான் கண்ணில் படும், மீதியைப் படிக்க “more” தட்ட வேண்டும். எனவே பொருளும் விலையும் முதல் வரியிலேயே இருக்கட்டும். ‘கைஸ்’ அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வது வீண். அதோடு, ‘கைஸ்’ என்றால் தங்களை இல்லை என்று அறுபது வயதுக்காரர் நினைப்பது இயல்புதானே. ‘வந்தாச்சு’ என்பதை மட்டும் விடாதீர்கள். அந்த ஒரு வினையிலேயே பேச்சுவாசனை வந்துவிடும், அதற்கு வயது வித்தியாசமே கிடையாது. கேப்ஷன் பேசுவது போல ஒலிப்பதற்குப் பெரும்பாலும் வினைமுற்றே போதும்: வந்தாச்சு, இருக்கு, அனுப்புங்க. ‘அனுப்பவும்’ என்றால்தான் தங்கை சொன்ன பேங்க் நோட்டீஸ்.

புதுச்சொல் போட்டே ஆக வேண்டுமென்றால், அதன் பொருளை இன்னொரு வாக்கியத்தில் வேறு சொல்லால் இயல்பாகச் சொல்லிவிடுங்கள். முதல் வரியில் ‘லாவெண்டர்’ என்று வந்தால், பிறகு ‘இந்த வெளிர் ஊதாவுக்கு’ என்று வரட்டும். பேஸ்டலுக்கு ‘லைட் கலர்’ இருக்கிறது, அது இரண்டு தலைமுறைக்கும் பொது.

இப்படி மாற்றிப் பார்த்தேன். விலையும் விவரமும் உங்கள் சரக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

“மதுரை சுங்குடி காட்டன், லாவெண்டர் கலர் வந்தாச்சு! கூரியரோட சேர்த்து 930 ரூபாய்.
வெயிலுக்குக் கட்டினதே தெரியாது, அவ்ளோ லைட் வெயிட். முந்தி ஃபுல்லா புள்ளி, செம லுக். இந்த வெளிர் ஊதாவுக்கு வெள்ளை ப்ளவுஸும் எடுப்பா இருக்கும்.
இது பிரிண்டட் சுங்குடி, கைக்கட்டு இல்ல. முதல் தடவை உப்புத் தண்ணியில தனியா அலசுங்க.
வேணும்னா இந்தப் போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்புங்க. சேலை கைக்கு வந்ததும் பணம் கொடுத்தா போதும்.”

கடைசியில் உங்கள் வாட்ஸ்அப் எண்ணைச் சேருங்கள். ‘டிஎம்’ என்பது இன்ஸ்டாகிராமுக்குள் மட்டும் செல்லும் காசு. நீங்கள் அதே கேப்ஷனை வாட்ஸ்அப்பிலும் போடுகிறீர்கள், அங்கிருந்து யாராவது ஃபார்வர்ட் செய்தால் எங்கே டிஎம் பண்ணுவது? ‘இன்னைக்கு மட்டும் ஆஃபர்’ என்பதும் இதே வகை. நாலு நாள் கழித்துப் பெரியம்மாவின் போனுக்கு வந்து, அவர் ‘இன்னைக்கு’ என்று நம்பிக் கூப்பிடுவார். தேதி போட்டுவிடுங்கள்.

‘கைக்கட்டு இல்ல’ என்ற வரியை நான் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. துணியில் புள்ளி புள்ளியாகப் பிடித்து நூலால் முடிந்து சாயம் போடுவதுதான் பழைய சுங்குடி. மதுரை சௌராஷ்டிரர்களின் கைவேலை அது. இன்று சுங்குடி என்ற பெயரில் பிரிண்ட் போட்டதும் விற்கிறது, விலையும் அதற்கேற்பக் குறைவு. வயதானவர்கள் முதலில் தேடுவது இந்தத் தகவலைத்தான். உங்கள் பழைய கேப்ஷனில் சுங்குடி என்ற பெயரே இல்லை! உங்களுடையது கைக்கட்டாகவே இருந்தால் அதையே முதல் வரிக்குக் கொண்டுபோங்கள்.

பேச்சு வழக்கில் ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். வாக்கு கொடுக்கும் வரியில் மழுப்பல் கூடாது. ‘டேமேஜ்னா மாத்திக்கலாம்’ என்றால் யார் மாற்றுவது, எத்தனை நாளுக்குள்? ‘சேலையில டேமேஜ் இருந்தா 3 நாளுக்குள்ள போட்டோ அனுப்புங்க, நாங்களே மாத்தித் தருவோம்’ என்பதும் பேச்சுத்தமிழ்தான், ஆனால் பொறுப்பு யாருடையது என்று தெரிகிறது. ‘ரிட்டர்ன் எடுக்கல’ என்று எழுதினால் இதுவரை எடுக்கவில்லையா, இனி எடுக்க மாட்டீர்களா என்ற குழப்பம் வரும். ‘ரிட்டர்ன் கிடையாது’ என்பதில் அந்த வம்பு இல்லை.

எழுத்து விஷயம் ஒன்று பாக்கி. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவதைக் கேப்ஷனில் தவிர்க்கலாம். பேப்பர் படித்துப் பழகிய கண்ணுக்கு அது எழுத்துக்கூட்டும் வேலை. மறுபக்கம், வெளியூரில் வளர்ந்து தமிழ் பேச மட்டும் தெரிந்த இளம் பெண்களும் உங்களிடம் வாங்குவார்கள். ஒரே கேப்ஷனில் இருவரையும் திருப்திப்படுத்த முடியாது. அதனால் படத்தின் மேலேயே விலை, கலர், துணி மூன்றையும் இங்கிலீஷில் சின்னதாகப் போட்டுவிட்டு, கீழே தமிழில் எழுதுங்கள். தமிழ் படிக்காதவர் படத்தோடு நின்றுவிடுவார், அவருக்கு வேண்டியது அங்கேயே இருக்கும்.

கேப்ஷன் வேலை செய்கிறதா என்று பார்க்க ஹார்ட்டை எண்ண வேண்டாம். வருகிற கேள்விகளைப் பாருங்கள். கேப்ஷனில் ஏற்கெனவே இருக்கும் பதிலையே திரும்பக் கேட்டால், அந்த இடத்துச் சொல் தோற்றுவிட்டது என்று அர்த்தம். ‘ப்ளவுஸ் உண்டா?’ என்று கேட்டால் அது வேறு, நீங்கள் எழுதவே இல்லை. நான் மாற்றிய கேப்ஷனிலும் அது இல்லை, சேலையோடு வருகிறதா என்று எனக்குத் தெரியாதே. போடுவதற்கு முன் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.