அறிவிப்பு ஒட்டும் முன் ஃபோல்டரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தின் மினிட்ஸ், வருடக் கணக்கு எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டோம். செயலாளர் என்ற முறையில் நான் எல்லா வீட்டுக்கும் அறிவிப்பு கொடுக்க வேண்டும். எப்படி எழுதுவது?

நான் சென்னையில் ஒரு நடுத்தரமான குடியிருப்புச் சங்கத்தில் செயலாளராக இருந்தவன். அறிவிப்பு பத்து வரிதான், எழுதிவிடலாம். ஆனால் அது வாசலில் ஒட்டப்பட்டதும் முதலில் திறக்கப்படுவது ஃபோல்டர். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஃபோல்டர் யாருடைய ஜிமெயிலில் இருக்கிறது? பெரும்பாலும் செயலாளரின் சொந்தக் கணக்கில்தான் இருக்கும். நாளை நீங்கள் வீட்டை விற்றுவிட்டுப் போனால் சங்கத்தின் ஆவணங்களும் உங்களோடு போய்விடும். சங்கத்துக்கென்று தனி ஜிமெயில் தொடங்கி, அதில் ஏற்றுங்கள். கடவுச்சொல் தலைவருக்கும் பொருளாளருக்கும் தெரிந்திருக்கட்டும். இரண்டு வருடம் யாருமே பயன்படுத்தாத தனிநபர் கணக்கைக் கூகுள் அழித்துவிடக்கூடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்தது, யார் பார்க்கலாம் என்பது. அவசரத்தில் எல்லாரும் "Anyone with the link" என்று வைத்துவிடுகிறார்கள். அந்த லிங்க் வாட்ஸ்அப்பில் புரோக்கர் வரை போகும். "Restricted" என்று வைத்து, வீட்டு உரிமையாளர்களின் மின்னஞ்சல்களைக் கொண்ட ஒரு கூகுள் குழுவுக்கு மட்டும் "Viewer" அனுமதி கொடுங்கள். வீடு கைமாறும்போது குழுவில் பழையவரை எடுத்து, புதியவரைச் சேர்த்தால் போதும். ஃபோல்டரைத் தொடவே வேண்டாம். வாடகைதாரர்களுக்கு எதைக் காட்டுவது என்பதைக் கமிட்டியில் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் அறிவிப்பு போன அன்றே அந்தச் சண்டை வரும்.

பலர் கவனிக்காத ஒன்று: ஆடிட்டர் தரும் கணக்கின் கடைசிப் பக்கங்களில் வீட்டு வாரியாக மெயின்டனன்ஸ் பாக்கி பட்டியல் இருக்கலாம். முழுக் கோப்பையும் ஸ்கேன் செய்து ஏற்றினால், யார் எவ்வளவு கட்டவில்லை என்பது எல்லார் போனிலும் இருக்கும். வரவு செலவு, இருப்புநிலைக் குறிப்பு, ஆடிட்டர் அறிக்கை, இவை மட்டும் போகட்டும். பாக்கிப் பட்டியலை அலுவலகத்தில் வைத்து, அதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். மறைக்கிறார்கள் என்ற பேச்சு வராது.

சரி, இப்போது அறிவிப்பு. இந்த மாதிரி போதும்:

"உறுப்பினர்களுக்கு வணக்கம். 2022-23 முதல் 2024-25 வரையிலான ஆண்டுப் பொதுக்குழு, கமிட்டிக் கூட்டக் குறிப்புகளும், தணிக்கை செய்த ஆண்டுக் கணக்குகளும் இனி சங்கத்தின் கூகுள் டிரைவில் கிடைக்கும். 'கூட்டக் குறிப்புகள்', 'ஆண்டுக் கணக்குகள்' என்ற இரண்டு ஃபோல்டர்களில் வருட வாரியாக உள்ளன. சங்கத்தில் நீங்கள் பதிவு செய்த ஜிமெயிலில் உள்நுழைந்தால்தான் திறக்கும். திறக்கவில்லை என்றால் வீட்டு எண்ணையும் மின்னஞ்சலையும் அலுவலகத்தில் கொடுங்கள். பாக்கிப் பட்டியலும் வவுச்சர்களும் இதில் இல்லை. அலுவலக நேரத்தில் நேரில் பார்க்கலாம். அசல் மினிட்ஸ் புத்தகம் அலுவலகத்திலேயே இருக்கும். காகிதப் பிரதி வேண்டுவோர் கேட்டுப் பெறலாம். கணக்கில் ஐயமிருந்தால் பொருளாளருக்கு எழுதுங்கள்."

கீழே தேதி, கையெழுத்து, சங்கத்தின் முத்திரை. தாளில் ஒட்டும் பிரதியில் க்யூஆர் கோடு போடுங்கள். அந்த நீள லிங்கைப் பார்த்து யாரும் டைப் செய்யப்போவதில்லை. க்யூஆர், தனி ஒரு கோப்புக்கு அல்லாமல் மேல் ஃபோல்டருக்குப் போகட்டும். அடுத்த வருடக் கணக்கு வந்தாலும் அதே தாள் செல்லும்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஆகாதா என்று கமிட்டியிலேயே ஒருவர் கேட்பார். அறிவிப்பைத் தெரிவிக்க அது சரி, ஆவணத்தை வைக்க ஆகாது. நேற்று குழுவில் சேர்ந்தவருக்குப் போன வருடக் கணக்கு தெரியாது, பழைய பிடிஎஃப் பல நேரம் திறக்கவும் திறக்காது.

கூட்டக் குறிப்பில் ஒரு சிக்கல் உண்டு. அடுத்த கூட்டத்தில் படித்து ஏற்கும் வரை அது வரைவுதான். கோப்பின் பெயரிலேயே "வரைவு" என்று இருக்கட்டும். திருத்தம் ஏற்கப்பட்டதும், பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றாதீர்கள். அந்தக் கோப்பின் லிங்கைச் சேமித்து வைத்தவர்களுக்கு அது வேலை செய்யாது. கோப்பின் மேல் வலது கிளிக் செய்து "File information", அதில் "Manage versions" வழியாகப் புதிய பிரதியை ஏற்றி, பெயரிலிருந்து "வரைவு" என்பதை எடுத்துவிட்டால் லிங்க் மாறாது.

ஒட்டும் முன் கமிட்டிக்கு வெளியே உள்ள ஒரு உறுப்பினரின் போனில் க்யூஆரை ஸ்கேன் செய்து பாருங்கள். உங்கள் போனில் எப்போதும் திறக்கும், அது சோதனை ஆகாது. அவருக்கு "Request access" என்று வந்தால் குழுவில் அவருடைய மின்னஞ்சல் தவறாகப் பதிவாகியிருக்கும், அல்லது போனில் வேறு ஜிமெயிலில் இருக்கிறார். முதல் வாரம் உங்களுக்கு வரும் புகார்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.