ஏப்ரல் 1-ல் திருப்பிப் போடும் என்ட்ரி: ஒரே கூலி இரண்டு வருடத்திலும் ஏறாமல் இருக்க

கேள்வி: ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்கு டேலியில் கணக்கு எழுதுகிறேன். மார்ச் 31-ல் போட்ட கொடுபட வேண்டிய கூலி, கரண்ட் பில் என்ட்ரிகளை ஏப்ரல் 1-ல் திருப்பிப் போடச் சொல்கிறார் ஆடிட்டர். போடாவிட்டால் என்ன ஆகும்? டேலியில் இருக்கும் Reversing Journal-ஐப் பயன்படுத்தினால் தானாகத் திரும்பிவிடுமா?

பதில்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் பலர் சிக்குகிறார்கள். திரும்பாது. டேலியின் Reversing Journal வேறு வேலைக்கு உள்ளது. அதில் போடும் என்ட்ரி உண்மையான லெட்ஜரைத் தொடவே தொடாது. ஒரு Scenario உருவாக்கி, அதன் வழியாக அறிக்கையைப் பார்த்தால் மட்டுமே தெரியும். அதில் கேட்கும் Applicable upto தேதி வரை அந்த Scenario-வில் இருக்கும், பிறகு மறைந்துவிடும். வருட நடுவில் "இந்தச் செலவையும் சேர்த்தால் லாபம் எவ்வளவு வரும்" என்று பார்த்துக்கொள்ள அது வசதி. மார்ச் 31 கூலியை அதில் போட்டால், வருடக் கணக்கில் அந்தக் கூலி ஏறவே ஏறாது. ஏறாத ஒன்றை ஏப்ரலில் எப்படித் திருப்புவது? உங்களுக்குத் தேவை F7-ல் வரும் சாதாரண Journal. மார்ச் 31 தேதியில் ஒன்று, ஏப்ரல் 1 தேதியில் பற்றும் வரவும் இடம் மாறிய இன்னொன்று. இரண்டையும் கையால்தான் போட வேண்டும்.

இனி, போடாவிட்டால் என்ன ஆகும் என்பது. உங்கள் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடி மேல் வார்க்கும் டைல்ஸுக்கு எண்ணிக்கைக் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா என்று வைத்துக்கொள்கிறேன். 2026-ல் மார்ச் 31 செவ்வாய்க்கிழமை வருகிறது. அந்த வாரக் கூலி ஏப்ரல் 4, சனிக்கிழமைதான் கைக்குப் போகும். ஆனால் திங்கள், செவ்வாய் இரண்டு நாள் வார்த்த டைல்ஸ் பழைய வருடத்து உற்பத்தி. அவை மார்ச் 31 சரக்கிருப்பிலும் எண்ணப்படும். சரக்கு பழைய வருடத்தில் இருக்க, அதன் கூலி புது வருடத்தில் போவது சரியில்லை. அதனால் செவ்வாய் மாலை எண்ணிக்கைப்படி இரண்டு நாள் கூலி 15,500 ரூபாயை இப்படி எழுதுகிறீர்கள்:

மார்ச் 31: கூலி கணக்கு பற்று 15,500, கொடுபட வேண்டிய கூலி கணக்கு வரவு 15,500.

இது பழைய வருட லாப நட்டத்தில் செலவாகச் சேர்ந்துவிடும். கூலி கணக்கு அதோடு முடிந்து, புது வருடத்தைப் பூஜ்யத்தில் தொடங்கும். கொடுபட வேண்டிய கூலி மட்டும் ஐந்தொகையில் கடனாக ஏறி ஏப்ரலுக்கு வரும்.

சனிக்கிழமை மேஸ்திரி வாரச் சிட்டையைக் கொண்டுவருகிறார். ஆறு நாளுக்கும் சேர்த்து 48,000 ரூபாய். வழக்கமான பழக்கத்தில் நீங்கள் கூலி பற்று 48,000, பணம் வரவு 48,000 என்று போட்டுவிடுவீர்கள். அந்த 48,000-க்குள் ஏற்கெனவே போன வருடத்தில் எழுதிய 15,500-ம் இருக்கிறது. ஆக ஒரே கூலி இரண்டு வருடத்திலும் செலவு. புது வருட லாபம் 15,500 குறைந்து தெரியும். யாருக்கும் பாக்கி இல்லாத ஒரு 15,500 ஐந்தொகையில் கடன் என்று உட்கார்ந்திருக்கும்.

இதைத் தடுக்கத்தான் ஏப்ரல் 1 என்ட்ரி:

ஏப்ரல் 1: கொடுபட வேண்டிய கூலி பற்று 15,500, கூலி கணக்கு வரவு 15,500.

இப்போது கடன் கணக்கு பூஜ்யம். கூலி கணக்கில் 15,500 வரவு இருப்பாக நிற்கும். சனிக்கிழமை வழக்கம்போல 48,000 பற்று போட்டதும் மீதம் 32,500. புதன் முதல் சனி வரை நான்கு நாள் கூலி அதுதான். ஏப்ரல் முதல் வாரத்தில் முதலாளி அறிக்கையைப் பார்த்துவிட்டு, "கூலி எப்படிப்பா மைனஸில் நிற்கும்?" என்று கேட்பார். சனிக்கிழமை வரை அப்படித்தான் நிற்க வேண்டும், அது சரியான நிலை என்று சொல்லுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. திருப்பிப் போடாமல், சனிக்கிழமை பட்டுவாடாவையே பிரித்து எழுதலாம்: கொடுபட வேண்டிய கூலி பற்று 15,500, கூலி பற்று 32,500, பணம் வரவு 48,000. முடிவு ஒன்றேதான். கணக்கியல் விதி எதுவும் திருப்பிப் போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் உங்கள் ஆடிட்டர் சொல்வதன் பக்கம்தான் நான். பிரித்து எழுத வேண்டுமானால், சனிக்கிழமை வவுச்சர் போடுகிறவருக்கு மார்ச் 31-ல் என்ன எழுதினோம் என்பது நினைவில் இருக்க வேண்டும். பட்டறையில் சிட்டை எழுதுவது ஒருவர், காரைக்குடி ஆபீசில் டேலியில் ஏற்றுவது வேறொருவர் என்பதுதான் நம் பக்கத்து நடைமுறை. திருப்பிப் போட்டுவிட்டால் ஏப்ரலில் யாரும் எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வருகிற சிட்டையை, வருகிற பில்லை, எப்போதும் போல முழுசாக எழுதினால் போதும்.

ஒன்றில் மட்டும் கவனம். இரண்டு வழியையும் சேர்த்துச் செய்துவிடக் கூடாது. ஏப்ரல் 1-ல் திருப்பியும் போட்டு, சனிக்கிழமை பிரித்தும் எழுதினால், புது வருடக் கூலி 32,500-க்குப் பதில் 17,000 என்று காட்டும். கொடுபட வேண்டிய கூலி கணக்கோ பற்று இருப்பில் நிற்கும். கடன் கணக்கு பற்றில் நின்றாலே இந்தத் தவறைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கரண்ட் பில் கொஞ்சம் வேறு மாதிரி, ஏனென்றால் அங்கே தொகை உத்தேசம். உங்களுக்கு இரண்டு மாத பில், பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரு கணக்கெடுப்பு என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31-ல் பில் கையில் இல்லை. போன பில்லைப் பார்த்து 9,000 ரூபாய் என்று எழுதி, ஏப்ரல் 1-ல் திருப்பியும் போட்டாயிற்று. ஏப்ரல் கடைசியில் பில் 14,200 என்று வருகிறது. முழுத் தொகையையும் மின்கட்டணத்தில் பற்று எழுதினால் புது வருடத்துக்கு நிற்பது 5,200. நாள் கணக்கில் பார்த்தால் 60 நாளில் 45 நாள் பழைய வருடம்; அதன் பங்கு 10,650. உத்தேசத்தில் 1,650 குறைந்துவிட்டது, அது புது வருடத்தில் விழுகிறது. நியாயமாகப் போட்ட உத்தேசம் என்றால் இவ்வளவு சிறிய வித்தியாசம் அங்கே விழுவதில் தவறில்லை.

ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், ஆடிட்டர் கணக்கை எடுத்துப் பார்ப்பது ஜூன், ஜூலையில். அதற்குள் உண்மையான பில் ஃபைலில் இருக்கும். "பில்தான் வந்துவிட்டதே, சரியான தொகையையே போடுங்கள்" என்று மார்ச் 31 என்ட்ரியை 10,650 ஆக மாற்றச் சொல்வார். கணக்கு கையெழுத்தாகும் முன் வந்த விவரம், ஆகவே அது முறைதான். மாற்றுகிறவர்கள் மார்ச் என்ட்ரியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏப்ரல் 1 என்ட்ரி பழைய 9,000-லேயே கிடக்கிறது. விளைவு, அந்த 1,650 பழைய வருடத்திலும் செலவு, புது வருடத்திலும் செலவு. கொடுபட வேண்டிய கணக்கில் 1,650 கடனாக ஒட்டிக்கொண்டிருக்கும். என்ட்ரியைத் திருப்பவே மறந்தால் பெரிய தொகை நிற்கும், யார் கண்ணிலாவது படும். இப்படிச் சில்லறையாக நிற்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அதனால் மார்ச் என்ட்ரியின் விவரக் குறிப்பிலேயே "இதன் திருப்பு என்ட்ரி ஏப்ரல் 1" என்று வவுச்சர் எண்ணோடு எழுதிவையுங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட வேண்டும் என்பது அப்போது மறக்காது.

எல்லாவற்றையும் திருப்பிவிடவும் கூடாது. நான் பார்க்கும் ஒரே விஷயம் இதுதான்: புது வருடத்தில் இதற்கான பில்லோ பட்டுவாடாவோ வழக்கமான பாதையில் அதே செலவுக் கணக்குக்கு வந்து சேருமா? வரும் என்றால் திருப்பலாம். தேய்மானத்துக்கு அப்படி எந்தப் பில்லும் வராது. வாராக்கடன் ஒதுக்கீடும் அப்படியே. அவற்றைத் திருப்பினால் போன வருடச் செலவு புது வருட லாபமாகத் திரும்பி வந்துவிடும்.

ஆடிட் ஃபீஸில் எனக்குத் தனிக் கருத்து உண்டு. அதற்கான பில் வர செப்டம்பர் கூட ஆகலாம். ஏப்ரல் 1-ல் திருப்பினால் அத்தனை மாதமும் அந்தக் கணக்கு மைனஸில் நின்று, மாதாந்திர லாபத்தைக் கூட்டிக் காட்டும். அதோடு, டிடிஎஸ் பிடிக்க வேண்டிய நிறுவனமாக இருந்தால், மார்ச் 31-ல் தொகையை வரவு வைக்கும்போதே பிடித்து ஏப்ரல் 30-க்குள் கட்டியிருப்பீர்கள். பிறகு முழு பில்லையும் புதிதாக ஏற்றும்போது அதே தொகைக்கு டிடிஎஸ் மறுபடி பிடிபட வாய்ப்பிருக்கிறது. இந்த மாதிரி பெயர் தெரிந்த, தொகை உறுதியான பாக்கிகளைத் திருப்பாமல் விட்டு, பில் வந்ததும் அந்தப் பாக்கிக் கணக்கிலேயே பற்று எழுதி முடிப்பதுதான் நல்லது.

மே மாதம் கூலி, கரண்ட் எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு ஒருமுறை கொடுபட வேண்டிய செலவுகள் லெட்ஜர்களைத் திறந்து பாருங்கள். திருப்பியவை பூஜ்யத்தில் இருக்க வேண்டும். மார்ச் 31 தொகை அப்படியே நின்றால் திருப்பவில்லை என்று பொருள். உடனே ஏப்ரல் 1 தேதியில் போட்டுவிடலாம், வருடம் முடியாததால் எதுவும் கெடாது. கூடவே செலவுக் கணக்குகளையும் பாருங்கள். பில் வந்த பிறகும் ஒன்று வரவு இருப்பில் நின்றால், உத்தேசம் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது பில் வேறு கணக்கில் ஏறியிருக்கிறது. பெரும்பாலும் இரண்டாவதுதான், கரண்ட் பில்லைப் பட்டறைச் செலவு என்ற லெட்ஜரில் தேடிப் பாருங்கள்.

முந்தைய வருடங்களிலிருந்து அசையாமல் வரும் பழைய பாக்கி ஏதாவது கண்ணில் பட்டால், அதை நீங்களாகத் திருப்பிவிட வேண்டாம். அந்த வருடக் கணக்கு ஏற்கெனவே தாக்கலாகி முடிந்தது. எந்த வருடத்தில் எந்தப் பட்டுவாடாவோடு இரட்டித்தது என்று வவுச்சர் எண்களைக் குறித்து ஆடிட்டரிடம் கொடுங்கள். முந்தைய காலத் திருத்தமாக இந்த வருடத்தில் எப்படிக் காட்டுவது, வரியில் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர் முடிவு செய்ய வேண்டும்.