தவறிப்போன விலைப்பட்டியல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். இன்று காலை ஒரு வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய விலைப்பட்டியலை இன்னொரு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். இருவர் பெயரும் ஒரே எழுத்துகளில் தொடங்கும். எக்செல் கோப்பில் முதலாமவருக்கு மட்டும் கொடுக்கும் தள்ளுபடியும் பணம் செலுத்தும் கெடுவும் இருக்கின்றன. அனுப்பிய அஞ்சலைத் திரும்பப் பெறும் ரீகால் வசதியைக் கொடுத்துப் பார்த்தேன். மேலாளர், "அழிக்கச் சொல்லிடு, மத்தவங்ககிட்ட வாயத் திறக்காதே" என்கிறார். அழிக்கச் சொல்லி எப்படி எழுதுவது? பட்டியலுக்கு உரிய வாடிக்கையாளரிடம் சொல்லத்தான் வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ரீகாலை நம்பிக் காத்திருக்காதீர்கள். அவுட்லுக்கில் அந்த வசதி ஒரே நிறுவனத்தின் அஞ்சல் அமைப்புக்குள் இருப்பவர்களிடம்தான் பலிக்கும். வெளியே போன அஞ்சலை அது தொடாது. சில சமயம், அனுப்பியவர் இதைத் திரும்பப் பெற விரும்புகிறார் என்ற அறிவிப்பு மட்டும் போய்ச் சேரும்; கவனிக்காமல் விட்டிருந்தவரும் தேடித் திறந்து பார்ப்பார். கோப்பைப் பகிர்வுச் சுட்டியாக அனுப்பியிருந்தால் இந்த நிமிடமே அனுமதியை ரத்து செய்யுங்கள். இணைப்பாகப் போயிருந்தால் அது இப்போது அவர்கள் கையில். இனி நடப்பது அவர்கள் மனம் வைப்பதைப் பொறுத்தது.

அதனால் முதலில் தொலைபேசி. பெற்றவரை அழைத்து, "காலையில் வந்த ஓர் அஞ்சல் உங்களுக்கானது அல்ல, திறக்காமல் அழித்துவிட முடியுமா, இப்போதே எழுத்திலும் அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். யாருடைய விலை என்று சொல்லாதீர்கள். பிறகு புதிய அஞ்சலாக எழுதுங்கள். பழையதற்குப் பதிலாகவோ ஃபார்வர்டாகவோ எழுதினால், கசிந்த அதே விவரம் கீழே இழுபட்டு மறுபடியும் போகும். பொருள் வரியில் 'ரகசியம்', 'அவசரம்' எல்லாம் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"இன்று காலை 10.40க்கு என்னிடமிருந்து, ஒரு எக்செல் இணைப்புடன், உங்களுக்கு ஓர் அஞ்சல் வந்திருக்கும். அது தவறுதலாக உங்களுக்கு அனுப்பப்பட்டது. தயவுசெய்து அந்த அஞ்சலையும், தரவிறக்கியிருந்தால் கோப்பையும், குப்பைத் தொட்டிக் கோப்புறையிலிருந்தும் சேர்த்து அழித்துவிடுங்கள். வேறு யாருக்காவது அது போயிருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். அழித்தபின் ஒரு வரி பதில் போட்டால் உதவியாக இருக்கும். சிரமத்துக்கு வருந்துகிறேன்."

நேரத்தைக் குறிப்பிடுவது, எந்த அஞ்சல் என்று அவர் தேடித் தடுமாறாமல் இருப்பதற்கு. குப்பைத் தொட்டியைச் சொல்வது, அழித்த அஞ்சல் அங்கேதான் கிடக்கும் என்பதற்காக. ஜிமெயிலில் 30 நாள் வரை இருக்கும். வேறு யாருக்குப் போனது என்ற கேள்விதான் முக்கியம். கொள்முதல் பிரிவின் பொது முகவரிக்கு அனுப்பியிருந்தால் நாலு பேர் ஒரே பெட்டியைப் பார்ப்பார்கள். ஒருவர் அழித்தும், இன்னொருவர் ஏற்கெனவே தரவிறக்கிய கோப்பு அவர் கணினியில் இருக்கலாம்.

மிரட்டும் வரிகள் எதையும் சேர்க்காதீர்கள். பிழை நம்முடையது; நாம் கேட்பது உபகாரம். அஞ்சலின் அடியில் ஒட்டியிருக்கும் நீளமான எச்சரிக்கைப் பத்தி, பெற்றவர் சம்மதிக்காத எந்தக் கடமையையும் பொதுவாக அவர் தலையில் கட்டிவிடாது. சட்ட நடவடிக்கை என்று எழுதினால், அவர் அதைத் தன் வழக்கறிஞருக்கு அனுப்புவார், கோப்பும் கூடவே போகும். சில நிறுவனங்களில் வரும் அஞ்சல் எல்லாம் தானாகவே காப்பகத்தில் சேர்ந்துவிடும், தனி ஒருவரால் அதிலிருந்து அழிக்க முடியாது. அப்படிச் சொன்னால் விவாதிக்காதீர்கள். "அதைப் பார்க்கவோ பயன்படுத்தவோ மாட்டோம்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள், போதும்.

பெற்றவர் சிரித்தபடி, "அந்த விலையை எங்களுக்கும் தரலாமே" என்று கேட்கக்கூடும். அந்த விலை இன்ன காரணத்தால் வந்தது என்று விளக்க ஆரம்பித்தால் இன்னும் கொஞ்சம் கசியவிடுகிறீர்கள். "அந்தக் கோப்பைப் பற்றி நான் பேச முடியாது, உங்கள் விலையைத் தனியாகப் பேசலாம்" என்பதோடு நிறுத்துங்கள்.

இனி உங்கள் மேலாளர். அவர் கணக்கு, அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது. ஆனால் அந்த ரகசியம் இப்போது அவரிடமும் உங்களிடமும் மட்டும் இல்லை, பெற்றவரிடமும் இருக்கிறது. ஒரே துறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் சந்திக்காமலா போவார்கள்? அடுத்த பேரத்தில் உங்கள் வாடிக்கையாளர் தன் தள்ளுபடியைப் போட்டியாளர் வாயிலிருந்து கேட்டால், கசிந்ததைவிட மறைத்ததுதான் பெரிய விஷயமாகும். ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ரகசியக் காப்பு விதி இருந்து, கசிவை உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் சொல்லியிருந்தால், மேலாளர் சொல்வது ஒப்பந்தத்தை இரண்டாம் முறை மீறுவது. அந்த வரியைக் காட்டுவது அவரிடம் வாதாடுவதைவிடப் பலன் தரும். கோப்பில் தனிநபர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உள்ளே வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, அறிவிக்க வேண்டிய கசிவானால் தெரிந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் அதிகார அமைப்புக்குச் சொல்ல வேண்டும். அதை உங்கள் சட்டப் பிரிவு பார்க்கட்டும்.

பாதிக்கப்பட்டவரிடம் இன்றே சொல்லுங்கள். பெற்றவர் பதில் போடும்வரை காத்திருக்காதீர்கள், அவர் நாளைக்கும் போடாமல் இருக்கலாம். இதுவும் முதலில் தொலைபேசி, பிறகு அஞ்சல். முடிந்தால் மேலாளரே பேசட்டும்.

"உங்களுக்கான விலைப்பட்டியல் இன்று காலை 10.40க்கு எங்கள் தவறால் எங்களுடைய வேறொரு வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. அதில் உங்கள் அலகு விலையும் தள்ளுபடியும் பணம் செலுத்தும் கெடுவும் இருந்தன. உங்கள் வங்கி விவரமோ ஆர்டர் அளவோ இல்லை. 11.25க்கு அவர்களை அழைத்து அழிக்கக் கேட்டோம், எழுத்திலும் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் தெரிவிக்கிறோம். மன்னிக்கவும்."

'இல்லை' என்ற வரியை எழுதுமுன் கோப்பின் எல்லாத் தாள்களையும் திறந்து பாருங்கள், மறைத்து வைத்த தாள்களையும். எக்செலில் விபரீதம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பெற்றவர் பதில் போட்டபின்னும் "அழிக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள். "அழித்துவிட்டதாக எழுத்தில் தெரிவித்துள்ளார்கள்" என்று எழுதுங்கள். உங்களால் சரிபார்க்க முடிந்தது அவ்வளவுதான். "இதனால் பாதிப்பு எதுவும் இல்லை" என்ற ஆறுதலும் வேண்டாம். பாதிப்பு உண்டா இல்லையா என்பதை விலை யாருடையதோ அவர்தான் சொல்ல வேண்டும்.

அவர் முதலில் கேட்கப்போவது "யாருக்குப் போச்சு?" என்றுதான். பெற்றவரும் உங்கள் வாடிக்கையாளர். உங்களிடம் வாங்குகிறார் என்பதே அவருடைய ரகசியமாக இருக்கலாம். சட்டென்று பெயரைச் சொன்னால் ஒரு கசிவை இரண்டாக்குகிறீர்கள். "அவர்கள் சம்மதம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி, அன்றே கேளுங்கள். ஆனால் அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, பெற்றவர் தன் போட்டியாளரா என்பது. அதைப் பெயரில்லாமலே சொல்ல முடியும். போட்டியாளர் என்றால் மழுப்பாமல் ஆம் என்று சொல்லுங்கள், அவர் தன் பேரங்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். ஈடாகக் கூடுதல் தள்ளுபடி என்று நீங்களாக எதையும் முதல் பேச்சில் நீட்டாதீர்கள். வாயடைக்கக் கொடுப்பதுபோல் தோன்றும்.

பதற்றத்தில் உங்கள் 'அனுப்பியவை' கோப்புறையிலிருந்து அந்த அஞ்சலை அழித்துவிடாதீர்கள். என்ன போனது, எத்தனை மணிக்கு, எந்த முகவரிக்கு என்பதற்கு உங்கள் கையில் உள்ள சான்று அதுதான்.