மொழி மாறியது, கடை மாறவில்லையே?

கேள்வி: அக்காள் ஜப்பானில் வாங்கிவந்த ப்ளேஸ்டேஷன் 5-இல் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டேன். ஆனால் கடையில் விலை இன்னும் யென்னில்தான் இருக்கிறது, என் கார்டையும் அது ஏற்பதில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அமைத்தால் சரியாகுமா?

பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள். பதிவிறக்கிய விளையாட்டுகளை மறுபடி இறக்க வேண்டியதுதான் மிஞ்சும். பழைய கணக்கில் நுழைந்த அடுத்த நிமிடமே யென் விலை திரும்பிவிடும்.

மொழி என்பது கருவியில் இருக்கும் ஓர் அமைப்பு மட்டுமே. கடையைத் தீர்மானிப்பது, முதல் நாளில் கணக்குத் தொடங்கியபோது நீங்கள் தேர்ந்தெடுத்த நாடு. பெட்டி ஜப்பானில் வாங்கியது என்பதால் பலரும் அங்கே ஜப்பானையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அதைப் பின்னர் மாற்ற சோனி அனுமதிப்பதில்லை. விளையாட்டை விற்கும் உரிமை, வரி, வயதுத் தரச்சான்று எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. கணக்கிலுள்ள பணமும் ஒரே நாணயத்தில் கிடக்கிறது. கார்டு மறுக்கப்படுவதும் இதனால்தான்: கார்டின் முகவரியும் கணக்கின் நாடும் பொருந்த வேண்டும்.

வழி எளியது. வேறொரு மின்னஞ்சல் முகவரியில் புதிய கணக்கு தொடங்கி, நீங்கள் வசிக்கும் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். அதே கருவியில் அதை இரண்டாவது பயனராகச் சேர்த்தால், உங்கள் நாட்டுக் கடை திறக்கும். பழைய கணக்கை நீக்க வேண்டாம். அதன் அமைப்புகளில் Console Sharing and Offline Play என்பது இயக்கத்தில் இருந்தால், அதில் வாங்கிய விளையாட்டுகளைப் புதிய கணக்கிலிருந்தும் ஆடலாம். மீதிப் பணத்தை மட்டும் நகர்த்த முடியாது. முதலில் அதைச் செலவழித்துவிடுங்கள்.

இனி, பணம் உண்மையில் வீணாகும் இடத்துக்கு வருகிறேன். அக்காள் கூடவே ஜப்பானிய டிஸ்க் ஒன்றும் கொண்டுவந்திருந்தால், அது ஓடும். ப்ளேஸ்டேஷன் 5 விளையாட்டு டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. ஆனால் அந்த விளையாட்டுக்கான கூடுதல் பகுதியைப் புதிய கணக்கில் வாங்கினால், பணம் பிடிக்கப்படும், பதிவிறக்கமும் நடக்கும், விளையாட்டுக்குள் மட்டும் அது தோன்றாமல் போகலாம். கூடுதல் பகுதியும் டிஸ்க்கும் ஒரே வட்டாரப் பதிப்பாக இருக்க வேண்டும். டிஸ்க் உறையைப் பாருங்கள்: CERO முத்திரை இருந்தால் ஜப்பானியப் பதிப்பு, அதற்கான கூடுதல் பகுதியைப் பழைய கணக்கிலேயே வாங்குங்கள். ஜப்பானியப் பதிப்புகள் சிலவற்றில் ஆங்கிலமே இருக்காது. கருவியின் மொழியை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

அக்காள் மீண்டும் வாங்குவதாக இருந்தால் ஒன்றைச் சொல்லிவையுங்கள். 2025 நவம்பர் முதல் ஜப்பானில் மலிவான டிஜிட்டல் பதிப்பு ஒன்று விற்கிறது. அதன் பெயரிலேயே 日本語専用, அதாவது 'ஜப்பானிய மொழிக்கு மட்டும்' என்று இருக்கும். அதில் மொழியையும் மாற்ற முடியாது, ஜப்பான் கணக்குதான் வேண்டும். உங்களுடையதில் ஆங்கிலம் வந்துவிட்டதால், அது அந்தப் பதிப்பு அல்ல.