அதே இரண்டு பெக், ஆனால் இப்போது ஏன் விழுகிறார்?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. முப்பது வருஷமாக ராத்திரி இரண்டு பெக் மட்டும்தான் குடிப்பார், ஒருநாளும் தள்ளாடியதில்லை. இப்போது இரண்டு மாதத்தில் இரண்டு தடவை நடுராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துவிட்டார். பிரஷர், புராஸ்டேட், தூக்க மாத்திரைகள் சாப்பிடுகிறார். குடியின் அளவு கூடவே இல்லையே டாக்டர், பிறகு ஏன்?

பதில்: கிளாஸில் ஊற்றுவது கூடவில்லை, ரத்தத்தில் ஏறுவது கூடியிருக்கிறது. மது உடம்பின் நீரில்தான் கலக்கும், கொழுப்பில் அதிகம் சேராது. இளம் வயது ஆணின் எடையில் சுமார் 60 சதவீதம் நீர். எழுபதைத் தாண்டும்போது தசை கரைந்து அது 50 சதவீதத்தை ஒட்டி வந்துவிடுகிறது. கலக்கும் நீர் குறைந்தால் அதே மது அடர்த்தியாகிவிடும். ஈரல் தளர்ந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஈரல் நோய் இல்லாதவர்களுக்கு முக்கியக் காரணம் இந்த நீர்க்குறைவுதான். மூளையும் இந்த வயதில் குறைந்த மதுவுக்கே தடுமாறும்.

அப்பாவின் இரவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 மில்லி பெக் இரண்டில் சுமார் 38 கிராம் மது இருக்கும். உடம்பு மணிக்கு ஏறத்தாழ 7 கிராம்தான் எரிக்கும். பத்து மணிக்குக் குடித்து முடித்தவர் ஒன்றரை மணிக்கு எழும்போது மது இன்னும் ரத்தத்தில் இருக்கும். அவரை எழுப்புவதே மதுதான், அது சிறுநீரைப் பெருக்கும். புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் ரத்தக்குழாய்களையும் தளர்த்துவதால், எழுந்து நின்றதும் பிரஷர் சரியும். பிரஷர் மாத்திரையும் மதுவும் அதை இன்னும் இறக்கும். தூக்க மாத்திரை அல்பிரசோலம் வகையாக இருந்தால், அதுவும் மதுவும் மூளையை ஒரே வழியில் மந்தமாக்கும். சமாளித்து நிற்க வேண்டிய கால் அந்த நேரம் தாமதிக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பிரஷர் பாருங்கள். எழுந்து நின்றதும் ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் போங்கள். மாத்திரையை அவர் மாற்றட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம். எவ்வளவு குடிக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பல வீடுகளில் கூச்சப்பட்டு இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

தூக்க மாத்திரை போடும் இரவில் ஒரு சொட்டும் கூடாது. ஆனால் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களில் நடுக்கம், வியர்வை, வலிப்பு, குழப்பம் வரலாம். எனவே மருத்துவர் மேற்பார்வையில் விடச் செய்யுங்கள்.

விழுந்தபோது தலையில் அடிபட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். வயதானவர்களுக்கு மூளையைச் சுற்றி மெதுவாக ரத்தம் கசிந்து, சில வாரம் கழித்தும் தெரியவரலாம். விடாத தலைவலி, அதிகத் தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே அழைத்துப்போய் சி.டி. ஸ்கேன் எடுங்கள்.