மூன்று நம்பர், ஒரே பெட்டி: வெளிநாட்டுப் பார்சல் இப்போது எங்கே?

கேள்வி: அண்ணா, கொழிஞ்சாம்பாறையில் எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறேன். பழைய மெஷினுக்கு ரோட்டரி ஹூக் பாலக்காட்டிலும் கிடைக்கவில்லை, கோயம்புத்தூரிலும் கிடைக்கவில்லை என்று இங்கிலாந்திலிருந்து ஆன்லைனில் வரவழைத்தேன். விற்றவர் முதலில் கொடுத்த நம்பரில் Delivered என்று காட்டுகிறது, இங்கே ஒன்றும் வரவில்லை. சத்தம் போட்டதும் இரண்டாவது நம்பர் கொடுத்தார். இப்போது மூன்றாவதாக RX615033746NL. இதை இந்தியா போஸ்ட் தளம் எடுக்கவே மாட்டேன் என்கிறது. எதைத்தான் நம்புவது? ஏமாந்துவிட்டேனா?

பதில்: இதுவரை ஏமாறவில்லை. நீங்கள் நம்ப வேண்டியது மூன்றாவது நம்பரைத்தான், ஆனால் அதில் ஒரு இலக்கம் தப்பாக இருக்கிறது. நேற்று நீங்கள் அனுப்பிய லேபிள் போட்டோவைப் பார்ப்பதற்கு முன்பே அது தெரிந்துவிட்டது, எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதல் நம்பர் இங்கிலாந்துக்குள் மட்டும் ஓடும் உள்ளூர் கூரியருடையது. விற்றவர் உங்கள் பெட்டியை நேராக இந்தியாவுக்கு அனுப்பவில்லை. பல கடைகளின் பெட்டிகளை ஒன்றாகத் திரட்டி, மொத்தமாக வெளிநாட்டுக்கு ஏற்றிவிடும் ஒரு நிறுவனத்தின் கிடங்குக்கு அனுப்பியிருக்கிறார். அந்தக் கூரியரின் வேலை கிடங்கு வாசலோடு முடிந்தது, அதனால்தான் Delivered. அந்த வரியைத் தொட்டு விவரத்தைத் திறந்து பாருங்கள், ஊர் பெயர் இங்கிலாந்தில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை ஊர் பெயர் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு நீங்கள் வாங்கிய தளத்தில் புகார் கொடுத்தால், ‘டெலிவரி ஆகிவிட்டதே’ என்று விற்றவர் இதே நம்பரைத்தான் காட்டுவார். டெலிவரி ஆனது கொழிஞ்சாம்பாறையில் இல்லை என்பதற்கு அந்த ஊர் பெயரே போதும்.

இரண்டாவது நம்பர் அந்தத் திரட்டு நிறுவனம் தன் கணக்குக்காக ஒட்டிக்கொண்டது. அதை அவர்கள் தளத்தில் மட்டுமே தேட முடியும். நம் ஊர் தபால் ஆபீஸில் போய்க் கொடுத்தால் கவுண்டரில் இருப்பவர் உதட்டைப் பிதுக்குவார், அவர் மேல் தப்பில்லை.

மூன்றாவதுதான் தபால் துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நம்பர். உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த வடிவம் இது, மொத்தம் 13 இடம்: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. முதல் எழுத்து R என்றால் பதிவுத் தபால், வழியில் ஸ்கேன் உண்டு, கொடுக்கும்போது கையெழுத்தும் வாங்குவார்கள். C என்றால் பார்சல், E என்றால் விரைவு அஞ்சல். U என்று ஆரம்பித்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அது பின்தொடர முடியாத சாதாரணத் தபால். சுங்கத்துக்காக ஒரு பார்கோடு ஒட்டியிருப்பார்கள், அவ்வளவுதான், வழியில் எதுவும் காட்டாமல் ஒருநாள் திடீரென்று வீட்டு வாசலில் வந்து நிற்கும். உங்களுடையது R, அந்தக் கவலை இல்லை.

இங்கிலாந்தில் வாங்கிய பொருளுக்கு ஏன் NL என்று பயப்படவும் வேண்டாம். கடைசி இரண்டு எழுத்து பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதையோ விற்றவர் எங்கே இருக்கிறார் என்பதையோ சொல்வதில்லை, எந்த நாட்டுத் தபால் துறை அந்த நம்பரைக் கொடுத்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. திரட்டு நிறுவனங்கள் எந்த நாட்டுத் தபாலில் கட்டணம் தோதாக வருகிறதோ அதில் ஏற்றிவிடும். உங்கள் ஹூக் கடலைத் தாண்டி நெதர்லாந்து போய், அங்கிருந்து அந்த நாட்டுத் தபாலாக இந்தியாவுக்குப் புறப்பட்டிருக்கிறது.

இனி அந்தத் தப்பு இலக்கத்துக்கு வருவோம். ஒன்பது இலக்கங்களில் கடைசியாக வருவது வரிசை எண் இல்லை, முன்னால் உள்ள எட்டும் சரியா என்று பார்க்கும் காவல்காரன். எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, வரும் மீதியை 11-லிருந்து கழித்தால் ஒன்பதாவது இலக்கம் கிடைக்க வேண்டும் (விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று எடுத்துக்கொள்வார்கள்). நீங்கள் அனுப்பிய 61503374-க்கு:

```
6×8 + 1×6 + 5×4 + 0×2 + 3×3 + 3×5 + 7×9 + 4×7 = 189
189 ÷ 11 → மீதி 2,   11 − 2 = 9
```

வர வேண்டியது 9, உங்கள் நம்பரில் இருப்பது 6. அப்போதே எங்கேயோ கை தவறியிருக்கிறது என்று தெரிந்தது, அதனால்தான் லேபிளின் போட்டோவை விற்றவரிடம் கேட்டு வாங்கச் சொன்னேன். நேற்று நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஆறாவது இலக்கம் 3 இல்லை, 8. பிரிண்டர் மை இடது பக்கம் மங்கியிருக்கிறது, விற்றவர் 3 என்று படித்து டைப் செய்துவிட்டார்.

```
6×8 + 1×6 + 5×4 + 0×2 + 3×3 + 8×5 + 7×9 + 4×7 = 214
214 ÷ 11 → மீதி 5,   11 − 5 = 6
```

இப்போது பொருந்துகிறது. RX615038746NL, இடைவெளி விடாமல் 13-ஐயும் சேர்த்து டைப் செய்யுங்கள். ஒற்றை இலக்கம் தவறினால் இந்தக் கணக்கு அநேகமாக எப்போதும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கணக்கு பொருந்துவதால் மட்டும் பெட்டி புறப்பட்டுவிட்டது என்று ஆகாது. லேபிளை அச்சடித்துவிட்டுப் பெட்டியை மேசையிலேயே வைத்திருப்பவர்களும் உண்டு. ‘தகவல் வந்துள்ளது’ என்கிற மாதிரி ஒரே வரி மட்டும் நாள்கணக்கில் அப்படியே நின்றால் அதுதான் கதை.

உங்களுடையது அப்படி இல்லை. சரியான நம்பரைப் போட்டதும் நெதர்லாந்துத் தளத்தில், ஒன்பது நாள் முன்பு அந்த நாட்டை விட்டுக் கிளம்பியதாகவும் போகும் இடம் INBOM என்றும் காட்டுகிறது. IN இந்தியா, BOM மும்பை. சென்னைக்கோ கொச்சிக்கோ வராமல் ஏன் மும்பை என்று கேட்டால், எந்த ஊருக்கு நேர்ப் பை கட்டுவது என்று அனுப்பும் நாடுதான் முடிவு செய்கிறது. பாலக்காட்டுக்குப் பக்கத்து விமான நிலையம் எது என்றெல்லாம் அவர்கள் பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாளாக ஒரு வரியும் இல்லையே என்பீர்கள். இந்த இடைவெளியில்தான் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். பெட்டியை ஒரு பெரிய பைக்குள் போட்டு முத்திரை வைத்துவிட்டால் அப்புறம் ஸ்கேன் ஆவது பையின் பார்கோடு, பெட்டியுடையது இல்லை. விமான நிலையத்தில் பை மூன்று நாள் காத்திருந்தாலும், வேறு ஊர் வழியாகச் சுற்றி வந்தாலும், உங்கள் நம்பரில் ஒன்றும் தெரியாது. மும்பையில் பையைப் பிரித்து உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்கிற அன்றுதான் அடுத்த வரி வரும். அதன் பிறகு சுங்கத்திடம் கொடுத்தது, சுங்கத்திலிருந்து திரும்பியது, மும்பையை விட்டுக் கிளம்பியது, உங்கள் ஆபீஸுக்கு வந்தது என்று வரிகள் தொடரும். அந்த வரிகளை இந்தியா போஸ்ட் தளத்திலேயே இதே NL நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். புது நம்பர் எதுவும் வராது, யாரிடமும் கேட்க வேண்டாம்.

புது நம்பர் வருவது வேறு பாதையில். சில திரட்டு நிறுவனங்கள் வெளிநாட்டுத் தபாலில் ஏற்றாமல் கூரியராகவே இந்தியாவுக்குக் கொண்டுவந்து, கூரியர் முனையத்திலேயே சுங்கத்தை முடித்து, தங்கள் வண்டி போகாத ஊர்களுக்கு மட்டும் உள்நாட்டு ஸ்பீடு போஸ்ட்டில் போட்டுவிடுவார்கள். அப்போது IN என்று முடியும் ஒரு நம்பர் முளைக்கும், பழையது எல்லாம் அதோடு ஓய்ந்துவிடும். அந்தப் பாதையில் சுங்கத்துக்காக அடையாளச் சான்று கேட்பார்கள், நீங்கள் அனுப்பாவிட்டால் பெட்டி நகராது. என் மருமகன் வேலந்தாவளத்தில் இருந்துகொண்டு ஒரு டெலஸ்கோப் கண்ணாடிக்கு இப்படி இரண்டு வாரம் வெறுமனே காத்திருந்தான். சான்று கேட்ட மெயில் ஸ்பேமில் கிடந்தது. ஆக, கடைசி இரண்டு எழுத்து வெளிநாடு என்றால் அதே நம்பரோடு இருங்கள், IN என்றால் இனி அது மட்டும்தான்.

சுங்க வரி போட்டால் தபால்காரர் வாசலில் வாங்கிக்கொண்டு ரசீது தருவார். ‘முகவரி தப்பு, இந்த லிங்கில் பணம் கட்டுங்கள்’ என்று எஸ்எம்எஸ் வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

நம் எல்லை ஊர்களுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. போட்டோவில் உங்கள் முகவரியைப் பார்த்தேன், பின்கோடு 678555 சரிதான், ஆனால் அதற்கு மேலே Tamil Nadu என்று அச்சாகியிருக்கிறது. தமிழில் பேசியதால் விற்றவரே ஊகித்தாரா, நீங்கள் பட்டியலில் தவறித் தொட்டீர்களா தெரியாது. பிரிப்பது பின்கோட்டைப் பார்த்துத்தான், 678 பாலக்காட்டுப் பக்கம், பொள்ளாச்சி 642, அதனால் பெரும்பாலும் சரியாகவே வந்து சேரும். கையால் பிரிக்கிற இடத்தில் யாராவது மாநிலத்தைப் படித்தால் மட்டும் ஒரு நடை பொள்ளாச்சி போய்த் திரும்பும். உங்கள் சப் ஆபீஸில் 13 இடத்தையும் ஒரு தாளில் எழுதி, கடைப் பெயரும் போன் நம்பரும் சேர்த்துக் கொடுத்து வையுங்கள். பகலில் கடை, வீட்டில் ஆள் இல்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், கையெழுத்து வாங்காமல் இதைக் கொடுக்க மாட்டார்கள்.

வரவே இல்லை என்றால் விசாரணை கேட்க வேண்டியது அனுப்பியவர் பக்கம், அதாவது அந்த நம்பரைக் கொடுத்த தபால் துறையிடம். அதற்கு அனுப்பிய நாளிலிருந்து 6 மாதம் அவகாசம் உண்டு. ஆனால் நீங்கள் வாங்கிய தளத்தின் பணத் திருப்பக் கெடு அதைவிட மிகச் சீக்கிரம் முடிந்துவிடும். ‘இன்னும் ஒரு வாரம் பாருங்கள்’ என்று விற்றவர் இழுத்தடிப்பது பெரும்பாலும் அந்தத் தேதியைத் தாண்ட வைக்கத்தான். ஆர்டர் பக்கத்தில் கடைசித் தேதியைப் பார்த்து, அதற்கு மூன்று நாள் முன்பு மும்பை வரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் விற்றவரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றே புகாரைப் பதிந்துவிடுங்கள். ஹூக் பிறகு வந்து சேர்ந்தால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.